தீர்ந்துபோன நிமிடத்துக்குத்தான் விலை

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரங்களில் சீருடை தைக்கும் ஒரு சிறு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். பத்துத் தையல் மெஷின்கள், பொத்தான் துளை போட ஒரே ஒரு காஜா மெஷின், கடைசியில் ஒரு இஸ்திரி மேசை. நாளுக்கு எட்டு மணி நேர வேலை. ஆக, முதலாளியின் கையில் ஒவ்வொரு நாளும் இருப்பவை மூன்று: 80 மணி நேரத் தையல், 480 நிமிடக் காஜா, 480 நிமிட இஸ்திரி.

தைப்பது சட்டையும் பேன்ட்டும். ஒரு சட்டைக்கு ஒரு மணி நேரத் தையல், 12 நிமிடக் காஜா, 6 நிமிட இஸ்திரி தேவை. பேன்ட்டுக்குப் பொத்தான் துளை குறைவு, தையல் அதிகம்: இரண்டு மணி நேரத் தையல், 4 நிமிடக் காஜா, 8 நிமிட இஸ்திரி. துணி, நூல், கூலி எல்லாம் போகச் சட்டைக்கு 50 ரூபாயும் பேன்ட்டுக்கு 80 ரூபாயும் லாபம் நிற்கிறது. தைத்ததெல்லாம் விற்றுவிடும் பருவம் இது. அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை சட்டை, எத்தனை பேன்ட் தைக்கலாம்?

லாபம் அதிகமுள்ள பேன்ட்டை மட்டுமே தைத்தால் 80 மணி நேரமும் 40 பேன்ட்டில் முடிந்துவிடும். லாபம் 3,200 ரூபாய். காஜா மெஷின் நாளில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். சட்டையை மட்டுமே தைத்தால் காஜா மெஷின் 40 சட்டைக்கு மேல் தாங்காது. தையல்காரர்களில் பாதிப் பேர் கைகட்டி நிற்க, லாபம் 2,000 ரூபாய்தான் வரும். இரண்டையும் கலக்க வேண்டும் என்பது பட்டறை நடத்துகிறவருக்குத் தெரியும். எந்த விகிதத்தில் என்பதைத்தான் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறை சொல்கிறது. அமெரிக்க விமானப் படையில் வேலை பார்த்த ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையில் இந்தக் கணக்கைப் போட்டால் விடை 32 சட்டை, 24 பேன்ட். லாபம் 3,520 ரூபாய்.

விடை கிடைத்ததும் பலர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். கல்லூரித் தேர்வுகளிலும் பெரும்பாலும் அதற்குத்தான் மதிப்பெண். ஆனால் சிம்ப்ளெக்ஸின் கடைசி அட்டவணையில் 32, 24 என்ற இரண்டு எண்களைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று இருக்கிறது. பட்டறையில் எது பற்றாக்குறை, எது தாராளம், பற்றாக்குறையான பொருளில் இன்னும் ஒரு அலகு கிடைத்தால் அதற்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை அது எழுதிவைத்திருக்கிறது.

முதலில் மிச்சத்தைப் பார்ப்போம். 32 சட்டைக்கும் 24 பேன்ட்டுக்கும் தையல் நேரம் 32 + 48 = 80 மணி. முழுவதும் தீர்ந்துவிட்டது. காஜா 384 + 96 = 480 நிமிடம். அதுவும் முழுவதும் தீர்ந்தது. இஸ்திரி 192 + 192 = 384 நிமிடம். இருப்பதோ 480. ஆகவே 96 நிமிடம் மிஞ்சுகிறது. சிம்ப்ளெக்ஸ் கணக்கில் இந்த மிச்சங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி மாறி உண்டு. ஆங்கிலத்தில் அதை ஸ்லாக் என்பார்கள். சட்டையை x என்றும் பேன்ட்டை y என்றும், மூன்று மிச்சங்களை முறையே s1, s2, s3 என்றும் வைத்தால் பட்டறையின் நாள் மூன்று வரிகளில் அடங்கிவிடும்:

```
  x + 2y + s1 =  80   (தையல், மணி)
12x + 4y + s2 = 480   (காஜா, நிமிடம்)
 6x + 8y + s3 = 480   (இஸ்திரி, நிமிடம்)
```

எந்தக் கட்டுப்பாடு திட்டத்தை இறுக்கிப் பிடிக்கிறதோ அதன் மிச்சம் பூஜ்யம். இது கண்டுபிடிப்பு அல்ல, அந்தச் சொல்லின் பொருளே அதுதான். இறுக்கும் கட்டுப்பாடு என்றால் இருப்பது முழுவதும் செலவாகிவிட்டது என்று அர்த்தம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நல்ல திட்டம் என்றால் ஏன் சில கட்டுப்பாடுகள் கட்டாயம் இறுக வேண்டும்? மூன்றில் இரண்டு மட்டும் ஏன் இறுகின, மூன்றாவது ஏன் தளர்ந்து நிற்கிறது?

முதல் பாதிக்குப் பதில் எளிது. மூன்று வளங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தால் இன்னும் ஒரு சட்டை தைக்கலாம், லாபம் ஐம்பது ரூபாய் கூடும். அப்படியென்றால் கையில் இருக்கும் திட்டம் சிறந்த திட்டம் அல்ல. எனவே சிறந்த திட்டத்தில் ஏதாவது ஒன்றாவது தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தீர்ந்திருந்தால்? காஜா மட்டும் தீர்ந்து, தையல் நேரம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு சட்டையைக் குறைத்தால் 12 நிமிடக் காஜா விடுபடும். அதில் மூன்று பேன்ட்டுக்குக் காஜா எடுக்கலாம். ஐம்பதை விட்டு இருநூற்று நாற்பதைப் பிடிக்கிறோம். இந்த மாற்றத்தைத் தையல் நேரம் தீரும் வரை செய்துகொண்டே போகலாம். தையலும் தீர்ந்த பிறகுதான் நகர இடமில்லாமல் போகிறது. அந்த இடம்தான் 32, 24.

மூன்றாவது ஏன் தளர்ந்து நிற்கிறது என்பதற்கு எண்ணிக்கைக் கணக்கு ஒன்று உண்டு. மேலே உள்ள வரிகளில் சமன்பாடுகள் மூன்று, தெரியாதவை ஐந்து. சிம்ப்ளெக்ஸ் ஒவ்வொரு அடியிலும் ஐந்தில் இரண்டைப் பூஜ்யமாக வைத்துவிட்டு, மீதி மூன்றை மூன்று சமன்பாடுகளிலிருந்து கணக்கிடுகிறது. அப்படிக் கணக்கிடப்படும் மூன்றும் அடிப்படை மாறிகள். பூஜ்யமாக ஒதுக்கிவைத்த இரண்டும் அடிப்படைக்கு வெளியே இருப்பவை. கடைசி அட்டவணையில் சட்டையும் பேன்ட்டும் இடம்பிடித்துவிட்டன, மீதி ஒரே ஒரு இடம்தான். அதில் இஸ்திரியின் மிச்சம் உட்கார்ந்தது. தையல் மிச்சமும் காஜா மிச்சமும் வெளியே பூஜ்யமாக நிற்கின்றன. இரண்டு பொருள் தைக்க முடிவு செய்தால் பொதுவாக இரண்டு வளங்கள் இறுகும். பொதுவாக என்றதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த எண்ணிக்கை கற்பனைப் பட்டறைக்கு மட்டும் உரியதல்ல. பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் ஒரு கேள்வி கேட்டார்: ஓர் ஆளுக்கு வேண்டிய ஒன்பது சத்துகளையும் ஓராண்டு முழுக்க மிகக் குறைந்த செலவில் தர 77 உணவுப் பொருள்களில் எவற்றை எவ்வளவு வாங்க வேண்டும்? அவர் உத்தேசக் கணக்கில் 39.93 டாலர் என்ற விடைக்கு வந்தார். 1947-இல் ஜாக் லேடர்மன் தலைமையில் ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு சிம்ப்ளெக்ஸ் முறையில் இதையே போட்டார்கள். 120 ஆள்-நாள் வேலைக்குப் பிறகு வந்த விடை 39.69 டாலர். அந்த விடையில் இருந்த உணவுகள் ஐந்தே: கோதுமை மாவு, ஈரல், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, ஒருவகை வெள்ளை பீன்ஸ். சத்துகளிலும் சரியாக ஐந்துதான் எல்லையைத் தொட்டு நின்றன: கலோரி, கால்சியம், வைட்டமின் ஏ, ரிபோஃப்ளேவின், வைட்டமின் சி. மற்ற நான்கும் தேவைக்கு மேல் வழிந்தன. நாளுக்கு 70 கிராம் புரதம் கேட்ட இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. ஐந்து உணவும் நான்கு உபரியும் சேர்ந்தால் ஒன்பது, சமன்பாடுகளும் ஒன்பது. அந்த விலைப்பட்டியலில் புரதம் ஒரு பற்றாக்குறையே அல்ல என்று கடைசி அட்டவணை சொன்னது. சாப்பாட்டுச் செலவைக் குறைக்க நினைக்கும் யாரும் முதலில் புரதத்தைத்தான் கவனிப்பார்கள். கணக்கோ கால்சியத்தையும் ரிபோஃப்ளேவினையும் கவனிக்கச் சொன்னது.

பட்டறைக்குத் திரும்புவோம். சிம்ப்ளெக்ஸ் முடிந்ததும் அட்டவணை இப்படி நிற்கும். கடைசி வரியில் Z என்பது லாபம்.

```
x  - 0.2 s1 + 0.10 s2 =   32
y  + 0.6 s1 - 0.05 s2 =   24
s3 - 3.6 s1 - 0.20 s2 =   96
Z  +  38 s1 +    1 s2 = 3520
```

கடைசி வரியைச் சத்தமாகப் படித்துப் பார்க்கலாம். லாபம் 3,520. அதிலிருந்து, பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு மணி நேரத் தையலுக்கும் 38 ரூபாயும், பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு நிமிடக் காஜாவுக்கும் ஒரு ரூபாயும் கழியும். ஒரு தையல்காரர் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போனால் பட்டறை இழப்பது 38 ரூபாய். இதைத் திருப்பிப் போட்டால், ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் லாபம் 38 ரூபாய் கூடும். இந்த எண்ணுக்கு நிழல் விலை என்று பெயர். சந்தையில் யாரும் வைத்த விலை அல்ல அது. இந்தப் பட்டறை, இந்த மெஷின்கள், இந்த லாப விகிதம் ஆகியவற்றிலிருந்து கணக்கே பிறப்பித்த விலை.

38 எங்கிருந்து வந்தது என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. s1-க்குக் கீழே உள்ள எண்களைப் பாருங்கள். தையல் நேரம் ஒரு மணி கூடினால் சட்டை 0.2 குறைந்து பேன்ட் 0.6 கூடும். கால் சட்டை, அரைப் பேன்ட் என்று யாரும் தைக்க மாட்டார்கள் என்பதால் ஐந்து மணி நேரமாக எடுத்துக்கொள்வோம். 85 மணி நேரம் இருந்தால் 31 சட்டை, 27 பேன்ட். ஒரு சட்டையைக் கைவிட்டதில் 50 ரூபாய் போனது, மூன்று பேன்ட் கூடியதில் 240 ரூபாய் வந்தது. நிகரம் 190, மணிக்கு 38. காஜாவைச் சரிபார்த்தால் 372 + 108 = 480, அதே இறுக்கம். அந்த ஒரு சட்டை விட்டுக்கொடுத்த 12 நிமிடக் காஜாவில்தான் மூன்று பேன்ட்டுக்கும் துளை போடப்பட்டது. கூடுதல் தையல் நேரம் தானாக எதையும் தைத்துவிடவில்லை. சட்டையிடமிருந்து காஜாவைப் பிடுங்கிப் பேன்ட்டுக்குக் கொடுக்கும் வாய்ப்பைத்தான் அது வாங்கித் தந்தது. ஒரு மணி நேரத்தில் அரைப் பேன்ட் தைக்கலாம், ஆகவே ஒரு மணியின் மதிப்பு 40 ரூபாய் என்று மனக்கணக்குப் போடுகிறவர் இந்தப் பிடுங்கலை மறந்துவிடுகிறார்.

இஸ்திரியின் மிச்சம் s3 லாப வரியில் இல்லவே இல்லை. அதன் கெழு பூஜ்யம், ஆகவே இஸ்திரியின் நிழல் விலையும் பூஜ்யம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நாள் முடிவில் 96 நிமிடம் சும்மா கிடக்கும் மேசைக்கு இன்னும் ஒரு நிமிடம் சேர்த்தால் 97 நிமிடம் சும்மா கிடக்கும். மிச்சம் இருக்கும் இடத்தில் விலை இருக்காது, விலை இருக்கும் இடத்தில் மிச்சம் இருக்காது. மிச்சத்தையும் நிழல் விலையையும் பெருக்கினால் ஒவ்வொரு வளத்துக்கும் பூஜ்யமே வரும்: தையலுக்கு 0 × 38, காஜாவுக்கு 0 × 1, இஸ்திரிக்கு 96 × 0.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இஸ்திரிக்கு விலை பூஜ்யம் என்றால் இஸ்திரி தேவையில்லை என்று பொருளா? மேசையைத் தூக்கிவிட்டால் ஒரு சட்டைகூட வெளியே போகாது. நிழல் விலை ஒரு வளத்தின் முக்கியத்துவத்தை அளப்பதில்லை, அதில் அடுத்த ஒரு அலகு என்ன செய்யும் என்பதை மட்டும் அளக்கிறது. அதேபோல அந்த மேசையை எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினார்கள் என்பதும் இந்தக் கணக்குக்குள் வராது. விலையுயர்ந்த நீராவி இஸ்திரியாக இருந்தாலும், மிச்சம் இருக்கும் வரை அதன் அடுத்த நிமிடத்துக்கு மதிப்பில்லை. பட்டறையின் மிக மலிவான பொருள் முழுவதும் தீர்ந்துபோனால் நாளின் லாபம் அதன் கையில் இருக்கும்.

80 மணியை 38-ஆல் பெருக்கினால் 3,040. 480 நிமிடத்தை ஒன்றால் பெருக்கினால் 480. கூட்டினால் 3,520. அதாவது நாளின் மொத்த லாபமும் ஒரு ரூபாய் குறையாமல் தீர்ந்துபோன இரண்டு வளங்களின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. இது தற்செயல் அல்ல. ஒவ்வொரு நேரியல் திட்டத்துக்கும் வளங்களுக்கு விலை வைக்கும் இணைத் திட்டம் ஒன்று உண்டு. இரண்டின் விடையும் ஒன்றே. டான்ட்சிக் 1947 அக்டோபரில் பிரின்ஸ்டனில் ஜான் வான் நாய்மனைச் சந்தித்துத் தன் கணக்கை விளக்கியபோது, இந்த இரட்டைத் தன்மையை வான் நாய்மன்தான் அவருக்கு எடுத்துச் சொன்னார்.

விலை பற்றிய எண்ணம் அதற்கும் முந்தியது. லெனின்கிராட்டில் லியோனித் காந்தரோவிச் என்ற இளம் கணித அறிஞரிடம் ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்று 1938-இல் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. பலவகை மரங்களைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மரத்தையும் வெவ்வேறு வேகத்தில் உரிக்கும். அவர் அதற்கு விடை தேடியபோது ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு பெருக்கும் எண்ணை வைத்துக்கொண்டார். 1939-இல் சிறு நூலாக வெளியான அந்த வேலையில் அந்த எண்களே விடைக்கு வழிகாட்டின. பிற்காலத்தில் அவற்றை வளங்களின் மதிப்பீடுகளாகவே அவர் விளக்கினார். பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து மட்டுமே வருகிறது என்ற கோட்பாட்டில் ஊறியிருந்த சோவியத் பொருளாதார அறிஞர்களுக்கு, பற்றாக்குறையிலிருந்து பிறக்கும் விலை உறுத்தியது. அவருடைய விரிவான நூல் 1959-இல்தான் வெளிவர முடிந்தது. 1975-இல் பொருளாதார நோபல் பரிசை அவர் ஜாலிங் கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டார். சந்தையே இல்லாத ஓர் அமைப்பில்கூடத் தட்டுப்பாடு தன் விலையைத் தானே காட்டிவிடுகிறது என்பதை அவருடைய எண்கள் நிறுவின.

பட்டறை முதலாளிக்கு இந்த விலை எதற்குப் பயன்படும்? ஒருவர் வந்து, பள்ளிப் பாவாடையும் தைத்துத் தாருங்கள், ஒன்றுக்கு 55 ரூபாய் லாபம் நிற்கும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாவாடைக்கு ஒன்றரை மணி நேரத் தையலும் 3 நிமிடக் காஜாவும் வேண்டும். கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதில்லை. ஒன்றரை மணிக்கு 57 ரூபாய், மூன்று நிமிடத்துக்கு 3 ரூபாய், இஸ்திரிக்கு ஒன்றுமில்லை. ஒரு பாவாடை விழுங்கும் வளங்களின் மதிப்பு 60 ரூபாய். 55-க்கு ஒப்புக்கொண்டால் ஒவ்வொன்றிலும் ஐந்து ரூபாய் நஷ்டம், ஏனென்றால் அதே நேரத்தில் சட்டையும் பேன்ட்டும் 60 ரூபாய் சம்பாதித்திருக்கும். 60-க்கு மேல் கிடைத்தால் பேசலாம்.

கூடுதல் நேர வேலைக்கும் இதுவே அளவுகோல். நம் கணக்கில் கூலியைக் கழித்த பிறகுதான் லாபம் எழுதினோம். ஆகவே 38 ரூபாய் என்பது வழக்கமான மணிக்கூலிக்கு மேலே கொடுக்கக்கூடிய உச்சம். கூலியை மாதச் சம்பளமாகத் தனியே வைத்து, லாபத்தில் கழிக்காமல் கணக்குப் போட்டிருந்தால், வரும் நிழல் விலை கூடுதல் மணி நேரத்துக்குக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகையின் உச்சமாக இருந்திருக்கும். எண்ணை வைத்து முடிவெடுக்கும் முன், லாபம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கேட்டே ஆகவேண்டும். இதைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவுகளால்தான் நிழல் விலைக்குக் கெட்ட பெயர் வருகிறது.

இனி எல்லை. மணிக்கு 38 ரூபாய் என்பது எத்தனை மணி வரை செல்லும்? s1-இன் வரிசையைத் திரும்பப் பார்த்தால், ஒவ்வொரு கூடுதல் மணியும் இஸ்திரியின் மிச்சத்தில் 3.6 நிமிடத்தைத் தின்கிறது. பேன்ட்டுக்கு இஸ்திரி நேரம் அதிகம் என்பதே காரணம். 96 நிமிட மிச்சத்தை 3.6-ஆல் வகுத்தால் 26.67 மணி. ஆக, தையல் நேரம் ஏறக்குறைய 106.67 மணி வரை உயரும்போது 38 ரூபாய் செல்லும். அந்த இடத்தில் இஸ்திரி மிச்சம் பூஜ்யமாகிறது. அதற்கு மேல் வேறு கணக்கு.

முதலாளி நான்கு தையல்காரர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து நாளை 110 மணிக்கு உயர்த்தினார் என்று கொள்வோம். புதிய சிறந்த திட்டம் 20 சட்டை, 45 பேன்ட், லாபம் 4,600 ரூபாய். தையல் 20 + 90 = 110, மிச்சமில்லை. இஸ்திரி 120 + 360 = 480, மிச்சமில்லை. காஜாவோ 240 + 180 = 420 நிமிடம்தான், ஒரு மணி நேரம் சும்மா நிற்கிறது. நிழல் விலைகள் தலைகீழாகிவிட்டன. தையல் மணிக்கு 38-இலிருந்து 20 ரூபாயாக இறங்கிவிட்டது. காஜாவுக்கு விலையே இல்லை. நேற்றுவரை பூஜ்யமாக இருந்த இஸ்திரி இப்போது நிமிடத்துக்கு 5 ரூபாய், மணிக்கு 300 ரூபாய். இரண்டாவது காஜா மெஷின் வாங்க முன்பணம் கொடுத்திருந்தவர் இப்போது இரண்டாவது இஸ்திரி மேசையைத் தேட வேண்டும். பற்றாக்குறை என்பது காஜா மெஷினுடைய குணமோ இஸ்திரி மேசையுடைய குணமோ அல்ல. எல்லா வளங்களின் அளவுகளும் சேர்ந்து உண்டாக்கும் நிலை அது. ஒன்றைத் தளர்த்தினால் இறுக்கம் இன்னொன்றுக்கு நகர்ந்துவிடுகிறது.

மேலே பொதுவாக என்று சொல்லி நிறுத்தியதற்கு இப்போது வருவோம். இஸ்திரி மேசைக்கு மின்வெட்டு ஏற்பட்டு நாளில் 384 நிமிடம் மட்டுமே கிடைக்கிறது என்று வைப்போம். திட்டம் மாறாது, 32 சட்டையும் 24 பேன்ட்டும் 384 நிமிடத்தில் இஸ்திரியாகிவிடும். லாபமும் அதே 3,520. ஆனால் இப்போது மூன்று மிச்சங்களும் பூஜ்யம். இறுகும் கட்டுப்பாடுகள் மூன்று, பொருள்கள் இரண்டு. அட்டவணையில் மூன்று இடம் உண்டு என்பதால் மிச்ச மாறி ஒன்று அடிப்படைக்குள் இருந்தே ஆகவேண்டும். அது பூஜ்ய மதிப்போடு உள்ளே உட்கார்ந்திருக்கும். சிதைந்த தீர்வு என்று பாடநூல்கள் இதைச் சொல்லும்.

இந்த நிலையில் நிழல் விலை ஒன்றாக நிற்பதில்லை. கணக்கு எந்த வழியில் வந்து முடிந்தது என்பதைப் பொறுத்து, கடைசி அட்டவணை தையலுக்கு 38, காஜாவுக்கு 1, இஸ்திரிக்கு 0 என்றும் காட்டலாம். 20, 0, 5 என்றும் காட்டலாம். இரண்டையும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். முதலாவது 3,040 + 480, இரண்டாவது 1,600 + 1,920. இரண்டும் 3,520 தான், இரண்டும் கணக்கில் சரி. ஆனால் பட்டறையில் நடப்பது வேறு. ஒரு மணி நேரத் தையல் குறைந்தால் இழப்பு 38 ரூபாய், ஒரு மணி கூடினால் லாபம் 20 ரூபாய் மட்டுமே. காஜாவை மட்டும் கூட்டினால் ஒன்றும் கிடைக்காது. இஸ்திரியை மட்டும் கூட்டினாலும் கிடைக்காது, குறைத்தாலோ நிமிடத்துக்கு 5 ரூபாய் போய்விடும். முதல் அட்டவணையை நம்பிக் காஜாவுக்கு நிமிடம் ஒரு ரூபாய் கொடுத்தவர் அந்தப் பணத்தை இழப்பார். மிச்சம் பூஜ்யம் என்றாலே அந்த வளத்தைக் கூட்டினால் லாபம் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விலை இருந்தால் மிச்சம் இருக்காது என்பது எப்போதும் உண்மை. மிச்சம் இல்லையென்றால் விலை இருக்கும் என்பது எப்போதும் உண்மை அல்ல.

இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. கடைசி அட்டவணையின் வலது ஓரத்தில், 32, 24, 96 என்று மதிப்புகள் நிற்கும் பத்தியில், எங்காவது பூஜ்யம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நிழல் விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன என்று தனித்தனியே கணக்கை ஓட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

இன்று யாரும் இதைத் தாளில் போடுவதில்லை. எக்ஸெலில் உள்ள சால்வரில் மூன்று வரிகளையும் கொடுத்தால் நொடியில் விடை வரும். கூடவே இரண்டு அறிக்கைகளைக் கேட்டு வாங்கலாம். Answer Report என்பதில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் எதிரே `Binding` அல்லது `Not Binding` என்று இருக்கும், அருகே `Slack` பத்தியில் மிச்சம் இருக்கும். Sensitivity Report என்பதில் `Shadow Price` பத்தியும், அதை ஒட்டி `Allowable Increase`, `Allowable Decrease` என்ற இரண்டு பத்திகளும் இருக்கும். நம் பட்டறையில் தையலுக்கு எதிரே 38, 26.67, 40 என்று வரும். 80 மணியிலிருந்து மேலே 26.67 வரையும் கீழே 40 வரையும் அந்த 38 செல்லும் என்பதே அதன் பொருள். இஸ்திரிக்கு எதிரே விலை பூஜ்யம், கூட்டுவதற்கான எல்லை `1E+30`, குறைப்பதற்கான எல்லை 96. அந்த விசித்திரமான எண் எல்லையே இல்லை என்பதைக் குறிக்க எக்ஸெல் எழுதுவது. இஸ்திரியை எவ்வளவு கூட்டினாலும் விலை பூஜ்யமாகவே இருக்கும், 96 நிமிடத்துக்கு மேல் குறைத்தால் மட்டும் கதை மாறும். எல்லைப் பத்திகள் ஒன்றில் பூஜ்யம் வந்திருந்தால் மேலே சொன்ன சிதைந்த தீர்வாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையும் பேன்ட்டும் முழு எண்ணாகவே இருக்க வேண்டும் என்று சால்வரில் நிபந்தனை போட்டுவிட்டால் இந்த விலைகளுக்குப் பொருள் இல்லாமல் போகும். அப்போது சிறந்த திட்டத்திலும் எல்லா வளங்களிலும் சிறிது மிச்சம் இருக்கக்கூடும், ஒரு சட்டைக்குப் போதாத மிச்சம். சால்வரும் அந்த நிலையில் Sensitivity Report-ஐத் தருவதில்லை. நிழல் விலை வேண்டுமென்றால் முழு எண் நிபந்தனையை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். வரும் பின்னங்களை ஒரு நாளுக்கானதாக அல்லாமல் ஒரு வாரத்தின் சராசரியாகப் படியுங்கள்.

பணம் போடும் முன் விலைப் பத்தியை மட்டும் பார்க்காமல், அதற்கு வலப்பக்கம் இருக்கும் இரண்டு எல்லைப் பத்திகளையும் சேர்த்துப் பாருங்கள். நம் பட்டறையில் 26.67 என்ற அந்த ஓர் எண்ணைப் பார்த்திருந்தால், இரண்டாவது காஜா மெஷினுக்கு முன்பணம் போயிருக்காது.